மேட்ச் நேரம் வேறு, வந்து நிற்கும் நேரம் வேறு: ஒரு பள்ளி கிரிக்கெட் போட்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியை ஒட்டிய ஒரு மைதானத்தில், மாசி மாதத்தின் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாள்களில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பள்ளிகளுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டி நடந்தது. எட்டு அணிகள். தோற்றால் வெளியேறும் முறை. சனிக்கிழமை நான்கு காலிறுதிகள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு அரையிறுதிகள், இறுதிப் போட்டி. ஒரே மைதானம், தேங்காய் நார்ப் பாய் விரித்த ஒரே பிட்ச். ஒவ்வோர் அணிக்கும் 12 ஓவர். அணிகளுக்கும் பெற்றோருக்கும் மேட்ச் வரிசையையும் வர வேண்டிய நேரத்தையும் அறிவிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

தேதியைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, அதன்பின் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை என்று எங்கள் பக்கத்துச் சாலைகள் நிறைந்துவிடும். அவை எல்லாம் ஓய்ந்த பிறகு, ஆண்டுத் தேர்வு நெருங்குவதற்கு முன் கிடைத்த நாள்கள் இவை. தேதிக்கு இவ்வளவு பார்த்த நான் மணிக்கு அந்த அளவு பார்க்கவில்லை.

ஒரு மைதானத்தில் அடுத்தடுத்து மேட்ச் நடத்தும்போது, முதல் மேட்ச்சுக்கு மட்டும்தான் கடிகாரத்தை நம்பி நேரம் சொல்ல முடியும். இரண்டாவது மேட்ச் முதல் மேட்ச் முடிவதைப் பொறுத்தது, மூன்றாவது இரண்டாவதைப் பொறுத்தது. ஆனாலும் பெற்றோர் பஸ் பிடிக்க வேண்டும், வேன் பேச வேண்டும், பிள்ளைக்குச் சோறு கட்ட வேண்டும். அவர்களுக்கு ஒரு மணி தேவை. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி அறிவிப்பது என்பதில்தான் நாங்கள் தடுமாறினோம்.

முதல் அட்டவணையும் திருத்தமும்

புதன்கிழமை ஒரு வண்ணப் படமாக அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மேலே போட்டியின் பெயர், நன்கொடையாளர்களின் படங்கள், கீழே "முதல் நாள்", "இரண்டாம் நாள்" என்ற தலைப்புகளில் நேரங்கள். தொடக்க விழா 9.15, முதல் மேட்ச் 9.30, இரண்டாவது 11.15, மூன்றாவது 1.00, நான்காவது 2.45. ஓவருக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டு, இடைவேளை பத்து நிமிடம் சேர்த்து, ஒரு மேட்ச்சுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை, விழாவைத் தொடங்கி வைக்க இசைந்திருந்த பெரியவரின் வீட்டிலிருந்து பேசினார்கள். சனிக்கிழமை இராகு காலம் 9 முதல் 10.30 வரை. நல்ல காரியத்தை அந்த நேரத்தில் தொடங்குவதில் அவருக்கு விருப்பமில்லை என்றார்கள். அது நியாயமான கோரிக்கை. எந்தத் தினசரி நாள்காட்டியைக் கிழித்திருந்தாலும் எனக்கே தெரிந்திருக்கும். விழாவை 8.30-க்கும் முதல் மேட்ச்சை 8.45-க்கும் கொண்டு வந்தோம். மற்றவை 10.30, 12.15, 2.00 என்று முன்னுக்கு வந்தன.

இதனால் இன்னொரு சிக்கல் வந்தது. முதல் மேட்ச்சில் இருந்த ஓர் அணி திருப்பத்தூர் சாலையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். 8.45 மேட்ச்சுக்கு அவர்களால் வந்து சேர முடியாது. ஆகவே முதல் இரண்டு மேட்ச்களையும் இடம் மாற்றினேன். பழைய அட்டவணையில் 11.15-க்கு ஆட வேண்டிய இரண்டு அணிகள் இப்போது 8.45-க்கு ஆட வேண்டும். அவற்றில் ஒன்றை நகர அணி என்றும் மற்றதைக் கிராம அணி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

புதிய அட்டவணையை வியாழன் இரவே அனுப்பினேன். அதே படம், அதே வண்ணம், அதே முகங்கள். எண்கள் மட்டும் வேறு. "திருத்தப்பட்டது" என்ற சொல்கூட அதில் இல்லை. வெள்ளி இரவு 10.10-க்கு ஒரு நினைவூட்டலும் அனுப்பினேன்: "நாளை மேட்ச் வரிசைப்படி அனைத்து அணிகளும் 30 நிமிடம் முன்னதாக மைதானத்திற்கு வந்துவிட வேண்டும்." எல்லாம் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியோடு படுக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை

8.15-க்கு நகர அணியின் 14 மாணவர்களும் வெள்ளை உடையில் வந்து நின்றார்கள். கிராம அணியில் ஆசிரியரும் நான்கு மாணவர்களும் மட்டுமே வந்திருந்தனர். விழா 8.30-க்கு நடந்தது, குறையில்லை. 8.45-க்குக் கிராம அணியின் எண்ணிக்கை ஆறு. மற்றவர்கள் எங்கே என்று ஒவ்வொரு வீடாகப் போன் செய்தார் அவர்களின் ஆசிரியர். பல வீடுகளில் ஒரே பதில்: "மேட்ச் 11.15-க்குத்தானே, சார்?"

நடந்தது இதுதான். புதன்கிழமைப் படத்தை அந்த ஆசிரியர் அச்சிட்டுப் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டியிருந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வியாழன் இரவு வந்த படத்தையும் அவர் பெற்றோர் குழுவுக்கு அனுப்பியிருந்தார். ஆனால் படங்கள் தானாக இறங்காதபடி வைத்திருந்த போன்களில் அது மங்கலான சிறு கட்டமாக மட்டுமே தெரிந்தது. பழைய படமேதான் மறுபடி வந்திருக்கிறது என்று நினைத்து, பலர் அதைத் தொடவேயில்லை. நான் அனுப்பிய நினைவூட்டலில் மணி எதுவும் இல்லை. "30 நிமிடம் முன்னதாக" என்பதை அவர்கள் பழைய 11.15-இலிருந்து கழித்துக்கொண்டார்கள். அந்த வாக்கியம் தவறான அட்டவணைக்கும் சரியாகவே பொருந்திவிட்டது.

வாக்ஓவர் கொடுப்பதா?

எங்கள் விதித்தாளில், தொடக்க நேரத்திலிருந்து 15 நிமிடத்திற்குள் ஏழு பேர் இல்லாவிட்டால் எதிரணிக்கு வெற்றி என்று எழுதியிருந்தோம். 9.00 மணிக்கும் ஆறு பேர்தான். நடுவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

நகர அணியின் ஆசிரியர், இரு நடுவர்கள், நான் ஆகிய நால்வரும் பாயின் ஓரத்தில் நின்று பேசினோம். அடுத்த மேட்ச்சை முன்னுக்குக் கொண்டுவர வழியில்லை, அந்த அணிகள் 10.00-க்குத்தான் வருவார்கள். ஒன்று காத்திருக்க வேண்டும், அல்லது வாக்ஓவர் தர வேண்டும். அந்தப் பிள்ளைகள் சோம்பலால் தாமதிக்கவில்லை, நான் கொடுத்த இரண்டு நேரங்களில் ஒன்றை நம்பினார்கள். திருத்தம் அவர்களைச் சென்று சேர்ந்ததா என்று நான் சரிபார்த்ததற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. அப்படி இருக்கும்போது வாக்ஓவர் விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். நகர அணியின் ஆசிரியர் ஒப்புக்கொண்டார். முடிவையும் காரணத்தையும் ஸ்கோர் புத்தகத்தின் மேல் ஓரத்தில் எழுதி, இரு ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள்.

நகர அணிப் பிள்ளை ஒருவனின் தந்தை என்னிடம் வந்து, "சொன்ன நேரத்துக்கு வந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தண்டனையா, சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே. வெயில் ஏறுவதற்கு முன் ஆட வேண்டிய பிள்ளைகள் ஒரு மணி நேரம் சூடேறிக் காத்திருந்தார்கள். தவறு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன், வேறு பதில் என்னிடம் இல்லை.

9.25-க்குப் பதினொருவர் சேர்ந்தார்கள். ஒருவன் பள்ளிச் சீருடைக் கால்சட்டையோடு வந்தான். டாஸ் 9.30, ஆட்டம் 9.40. ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம். நான்கு காலிறுதிகளையும் 10 ஓவராகக் குறைத்தோம். முதல் மேட்ச்சுக்கு மட்டும் குறைத்திருந்தால் அணிகளுக்குள் சமநிலை இருந்திருக்காது.

பகலில் கவனித்தவை

ஓவரைக் குறைத்தும் தாமதம் குறையவில்லை, கூடியது. முதல் இன்னிங்ஸின் 10 ஓவருக்கு 52 நிமிடம் ஆனது. ஓவருக்கு நான்கு நிமிடம் என்ற என் கணக்கு, இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. வைடு பந்துகளால் ஓவர் நீள்கிறது. பவுண்டரியைத் தாண்டிய பந்து சீமைக் கருவேலம் புதருக்குள் போனால், முள்ளை விலக்கி எடுத்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ஓவருக்கு ஐந்து நிமிடம் என்பதே எங்கள் மைதானத்திற்கு உண்மையான அளவு. ஆக, அன்று காலை எல்லோரும் நேரத்திற்கு வந்து 12 ஓவரே ஆடியிருந்தாலும், நான்காவது மேட்ச் ஒரு மணி நேரத்திற்கு மேல் தள்ளிப் போயிருக்கும். அட்டவணைக்குள்ளேயே தாமதம் இருந்தது. காலையில் நடந்தது அதை வெளியே கொண்டு வந்தது.

11.30-க்கு நான் ஒலிபெருக்கியில், "எல்லா மேட்ச்களும் ஒரு மணி நேரம் தாமதம்" என்று அறிவித்தேன். இது அன்றைய என் இரண்டாவது பெரிய பிழை. எந்த மணியிலிருந்து ஒரு மணி நேரம்? புதன்கிழமைப் படத்தை வைத்திருந்தவர் 1.00-உடன் கூட்டினார், வியாழக்கிழமைப் படத்தை வைத்திருந்தவர் 12.15-உடன் கூட்டினார். வீட்டிலிருந்து இன்னும் கிளம்பாத அணிகளுக்கு ஒலிபெருக்கி கேட்கவும் இல்லை. ஸ்கோர் பலகைக்கு அருகே வந்த ஒவ்வொருவரும் ரன்னைக் கேட்கவில்லை, "அடுத்த மேட்ச் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான இடம் பலகையில் இல்லை.

மிகவும் வருந்த வேண்டியது நான்காவது மேட்ச்சின் நிலை. 2.00 மணி ஆட்டத்திற்கு 1.30-க்கே இரண்டு அணிகளும் வந்துவிட்டன. ஆட்டம் தொடங்கியபோது 3.45. இரண்டேகால் மணி நேரம் இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே வேப்பமரத்தின் நிழலை, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து, பங்கிட்டுக்கொண்டார்கள். கொண்டு வந்த தண்ணீர் ஆட்டத்திற்கு முன்பே தீர்ந்துவிட்டது. பந்து வீசும்போது ஒருவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, உப்புக் கரைத்த மோர் கொடுத்து உட்கார வைத்தோம். தாமதமாக வந்தவர்களைப் பற்றித்தான் அமைப்பாளர்கள் எப்போதும் கவலைப்படுகிறோம். மாசி வெயிலில் சீக்கிரம் வரச் சொல்லி நிறுத்தி வைப்பது அதைவிடத் தீங்கானது என்பதை அந்த மரத்தடியில் கண்டேன்.

கடைசி மேட்ச் 5.35-க்கு முடிந்தது. வெளிச்சம் இருந்தது.

சனி இரவு எடுத்த முடிவுகள்

மீதமிருந்தவை நான்கு அணிகளும் மூன்று மேட்ச்களும். முதலில் ஒரு மேட்ச்சுக்கு 130 நிமிடம் என்று கணக்கை மாற்றினேன்: 12 ஓவர், ஓவருக்கு ஐந்து நிமிடம், இரு இன்னிங்ஸ், பத்து நிமிட இடைவேளை. பிறகு அனுப்புவதற்கு முன் நான்கு ஆசிரியர்களிடமும் போனில், "காலையில் உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டேன். ஓர் அணியில் சில மாணவர்கள் ஞாயிறு காலைத் திருப்பலிக்குச் செல்வார்கள் என்று தெரிந்தது. அந்த அணியை இரண்டாவது அரையிறுதியில் வைத்தேன். புதன்கிழமை அட்டவணையை அனுப்புவதற்கு முன்பே இப்படிக் கேட்டிருந்தால் வரிசையை மாற்ற வேண்டியே வந்திருக்காது.

ஞாயிறு இராகு காலம் 4.30 முதல் 6 வரை. பரிசளிப்பு 4.30-க்குள் தொடங்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இறுதிப் போட்டியை 1.45-க்கு வைத்தேன்.

படத்தைக் கைவிட்டேன். மேட்ச்சுக்கு ஒன்றாக, வெறும் எழுத்தில், இப்படி அனுப்பினேன்:

> அறிவிப்பு எண் 4. சனி இரவு 7.30.
> இது இரண்டாவது அரையிறுதி ஆடும் இரு அணிகளுக்கு மட்டும்.
> மைதானத்தில் இருக்க வேண்டிய நேரம்: ஞாயிறு காலை 9.45.
> முதல் அரையிறுதி முடிந்து 15 நிமிடத்தில் உங்கள் மேட்ச் தொடங்கும். எப்படியும் காலை 10.15-க்கு முன் தொடங்காது.
> இதற்கு முன் வந்த எல்லா அட்டவணைகளும் செல்லாது.
> அணிப் பொறுப்பாசிரியர், மைதானத்தில் இருக்க வேண்டிய நேரத்தை எழுதிப் பதில் அனுப்பவும்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் சனிக்கிழமையில் ஒரு காரணம் உண்டு. வர வேண்டிய நேரத்தை முதலில் வைத்து, கழித்தல் கணக்கைப் பெற்றோரிடம் விடாமல் நானே போட்டுக் கொடுத்தேன். மேட்ச் நேரத்தை உறுதியான மணியாகச் சொல்லாமல் "இதற்கு முன் தொடங்காது" என்றேன். இப்படிச் சொன்னால் தாமதமானாலும் அறிவிப்பு பொய்யாகாது, ஆட்டம் சீக்கிரம் முடிந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. எண் போட்டதால், எந்தத் தாள் புதியது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

கடைசி வரிதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. நான்கு ஆசிரியர்களில் இருவர் சரியான நேரத்தை எழுதினார்கள். ஒருவர் கட்டைவிரல் குறி மட்டும் அனுப்பினார். இன்னொருவர் "10.15, சரி சார்" என்று எழுதினார். தம்முடைய அணி ஆட்டம் தொடங்கும் நேரத்திற்கு வந்தால் போதும் என்று அவர் படித்திருக்கிறார். இருவரையும் அழைத்துப் பேசித் திருத்தினேன். "சரி" என்ற பதிலை மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பிழை காலையில்தான் தெரிந்திருக்கும். எழுதிக் கேட்டதால் இரவு எட்டு மணிக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை

மைதான வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம். அதில் ஸ்கோர் கிடையாது. நடக்கும் மேட்ச், அடுத்த மேட்ச், அது தொடங்கக்கூடிய மணி, அவ்வளவுதான். ஒவ்வொரு மேட்ச்சின் இடைவேளையிலும் அதை அழித்து எழுதினோம். இடைவேளை வரை எதைச் சொன்னாலும் ஊகம். முதல் இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், ஒரு மணி நேர இன்னிங்ஸ் ஒன்றும் நடுவில் வரும் 15 நிமிடமும் மட்டுமே மிச்சம், அப்போது சொல்லும் மணி ஐந்து பத்து நிமிடத்திற்கு மேல் பிசகுவதில்லை. பலகையில் எழுதியதையே அடுத்த அணிகளின் ஆசிரியர்களுக்கும் அனுப்பினேன்.

முதல் அரையிறுதி 8.00-க்குத் தொடங்கி 10.05-க்கு முடிந்தது. அதற்குள் அடுத்த அணிகளின் பெயர்ப் பட்டியல் கைக்கு வந்து, டாஸும் பாயிலிருந்து தள்ளி முடிந்திருந்தது. இரண்டாவது 10.20-க்குத் தொடங்கி 12.25-க்கு முடிந்தது. வென்ற பிள்ளைகளுக்குச் சாப்பிட்டு நிழலில் படுக்க ஒரு மணி நேரத்திற்கு மேல் கிடைத்தது. இறுதிப் போட்டி 1.45-க்குத் தொடங்கியது. பரிசளிப்பு 4.05-க்கு.

அன்று காலை 11.30 மணி அளவில், இரண்டாவது அரையிறுதி நடந்துகொண்டிருந்தபோது, வெள்ளை உடையில் ஒரு பையனும் அவனுடைய அப்பத்தாவும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். சனிக்கிழமை மூன்றாவது மேட்ச்சில் ஆடித் தோற்ற அணியின் பையன் அவன். "தம்பி, இவன் கூட்டாளிகளைக் காணோமே, இன்னும் வரவில்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். அவனுடைய தந்தை சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பெற்றோர் குழுவில் இருப்பது அவருடைய எண் மட்டும்தான். வெள்ளி இரவு 10.10-க்கு நான் அனுப்பிய "நாளை" அவருடைய போனில் சனிக்கிழமை பின்னிரவு 12.40-க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை எழுந்து படித்தவர், "நாளை" என்றால் ஞாயிறு என்று வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். படத்தில் "முதல் நாள்" என்று இருந்ததே தவிர, சனிக்கிழமை என்று அந்த வரியில் இல்லை. அவன் வராததை அவனுடைய ஆசிரியர் உடல்நலக் குறைவு என்று நினைத்து, மாற்று ஆட்டக்காரனை இறக்கியிருந்தார்.

அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவனை ஸ்கோர் எழுதுபவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம், மாலை வரை இருந்தான். அதை ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். அவன் ஆட வேண்டிய மேட்ச் முடிந்துவிட்டது.

அடுத்த முறை மாற்றுபவை

"நாளை", "இன்று" என்ற சொற்கள் எந்த அறிவிப்பிலும் இருக்கக் கூடாது. கிழமையும் தேதியும் மட்டும். எங்கள் பகுதியில் பாதி வீடுகளின் குழு எண் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரில் இருக்கும் ஒருவரின் எண்ணைப் பதிவுப் படிவத்திலேயே வாங்க வேண்டும். இறுதி அறிவிப்பு முந்தைய நாள் இரவு 7.30-க்குள் போய்விட வேண்டும். வர வேண்டிய பிள்ளை மைதானத்தில் இல்லாவிட்டால், காரணத்தை ஊகிக்காமல் ஆசிரியர் வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும்.

முதல் நாளுக்கு 30 நிமிடம் போதவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட படிவத்தோடு வயதுச் சான்றை ஒப்பிட, ஓர் அணிக்கு 12 நிமிடம் ஆனது. கிரிக்கெட் விதிப்படி டாஸ், தொடங்கும் நேரத்திற்கு 30 நிமிடம் இருக்கும்போதிலிருந்து 15 நிமிடம் இருக்கும்போது வரையிலான இடைவெளிக்குள் போடப்பட வேண்டும். ஆட்டக்காரர்களின் பெயர்களை அதற்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். இவற்றையும் கொஞ்சம் பந்து வீசிப் பழகுவதையும் சேர்த்தால், சான்று பார்க்கும் நாளில் 45 நிமிடம், மறுநாள் 30 நிமிடம் என்பது சரியாக வரும்.

வாக்ஓவர் விதியிலும் ஒரு வரி சேர்க்கிறோம்: பொறுப்பாசிரியர் தம் கையால் நேரத்தை எழுதி அனுப்பிய அணிக்கு மட்டுமே அது பொருந்தும். பதில் வராத அணியை அழைத்துப் பேசுவது எங்கள் வேலை. நான்காவது மேட்ச்சின் அணிகளை இனி மைதானத்திற்கு வரச் சொல்லாமல், மூன்றாவது மேட்ச்சின் இடைவேளையில் செய்தி வரும் வரை பக்கத்துப் பள்ளியின் தாழ்வாரத்தில் இருக்க வைக்க, அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். அங்கே மின்விசிறி இருக்கிறது, குடிநீர்க் குழாய் இருக்கிறது, மைதானத்திற்கு நடக்க ஐந்து நிமிடம்.